காய்ச்சலில் மட்டும் தெரிந்த புருகாடா

“மண்டபம் பக்கம், வயது 31. டெங்கு காய்ச்சலில் எடுத்த ஈசிஜியில் புருகாடா என்றார்கள். காய்ச்சல் விட்டபின் நார்மல். அண்ணன் தூக்கத்திலேயே இறந்தவர். நான் கடலுக்குப் போகலாமா?”

தம்பி, இரண்டாவது ஈசிஜியை நம்பி முதல் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். உங்களுக்கு அதுதான் ஆதாரம்.

புருகாடா என்பது இதயத் துடிப்பைத் திடீரெனத் தாறுமாறாக்கக்கூடிய பரம்பரை நோய். இதயச் செல்களில் சோடியம் நுழையும் வாசல் இந்த நோயில் பலருக்குப் பிறவியிலேயே பலவீனம். உடல் சூடேறினால் அது இன்னும் மோசமாக வேலை செய்யும். அப்போது ஈசிஜியின் வி1, வி2 கோடுகளில் எஸ்டி பகுதி குறைந்தது 2 மில்லிமீட்டர் எழும்பி, வளைந்து சரிந்து, தலைகீழ் டி அலையில் முடியும். காய்ச்சல் இறங்கினால் கோடு மறையும், வாசல் மாறுவதில்லை.

அந்தச் சீட்டோடு மதுரையில் இதய மின்னோட்ட நிபுணரைப் பாருங்கள். வி1, வி2 பட்டன்களை இரண்டாவது, மூன்றாவது விலா இடைவெளியில் வைத்தும் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். வழக்கமான நான்காவது இடைவெளியில் தெரியாதது மேலே தெரியலாம். மயங்கி விழுந்ததுண்டா என்று கேட்பார்; மறைக்காதீர்கள். இதயம் தாறுமாறாகத் துடித்தால் தானே ஷாக் கொடுக்கும் ஐசிடி கருவியை நெஞ்சில் வைக்க வேண்டுமா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நிபுணர் சொல்லும்வரை படகேறாதீர்கள். அப்புறமும், உடம்பு சுட்டால் அன்றைக்குக் கடல் வேண்டாம். உடனே பாரசிட்டமால் போட்டு, ஈசிஜி எடுக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். நடுக்கடலில் இதயம் தாறுமாறாகத் துடித்தால் ஷாக் கொடுக்க யாரும் இல்லை.

அண்ணன் பிள்ளைகளுக்கும் ஈசிஜி எடுங்கள், முக்கியமாகக் காய்ச்சல் வரும்போது.