வீட்டு வைஃபைக்கு நினைவில் நிற்கும் கடவுச்சொல்

கேள்வி: இணைய இணைப்பு கொடுக்க வந்தவர் என் மொபைல் எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போனார். மாற்றலாம் என்றால், கடினமாக வைத்தால் அம்மாவுக்கு நினைவில் நிற்காது. என்ன செய்வது?

பதில்: இணைப்பு கொடுக்க வருபவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். போகிற வீட்டிலெல்லாம் மொபைல் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல்லோ பெரும்பாலும் பெட்டியில் வந்தபடியே இருக்கும். அது வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு, இரண்டையும் மாற்றுங்கள். 'மாற்றினால் நெட் வராது' என்று சொன்னால் நம்பாதீர்கள். எல்லாக் கருவிகளிலும் புதியதை ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும், வேறொன்றும் ஆகாது.

உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை வெளியில் இருப்பவர் பதிவு செய்துகொள்ளலாம். அப்புறம் தன் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்ப்பார். ரவுட்டருக்கு இது தெரியவே தெரியாது, தடுக்கவும் முடியாது. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் முயலும். பத்து இலக்க எண் எதுவானாலும் மூன்று மணி நேரம் தாங்காது. பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்ப்பது, a வரும் இடத்தில் @ போடுவது எல்லாம் அந்த மென்பொருள்களுக்குப் பழைய கதை.

சம்பந்தமில்லாத ஐந்து சொற்களை வையுங்கள். ஆனால் நீங்களாக யோசிக்காதீர்கள்; யோசித்தால் பிள்ளைகள் பெயரும் சாமி பெயரும்தான் வரும். 0 முதல் 9 வரை பத்துத் துண்டுச் சீட்டு எழுதி, ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டு, மூன்று முறை எடுங்கள். 4, 0, 7 வந்தால் அகராதியில் 407ஆம் பக்கம். அதில் முதலில் வரும் எளிய பெயர்ச்சொல். 000 வந்தால் ஆயிரமாவது பக்கம். அகராதி ஆயிரம் பக்கத்துக்குக் குறையக் கூடாது. ஐந்து முறை செய்தால் இப்படி வரும்:

```
kudai-erumai-jannal-mookku-padagu
```

(இதையே வைத்துவிடாதீர்கள்.) நொடிக்குப் பத்து லட்சம் வீதம் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று முடிக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். குடை பிடித்த எருமை ஜன்னலில் மூக்கை நீட்டிப் படகைப் பார்க்கிறது என்று சொல்லிக் கொடுத்தால் அம்மா மறக்க மாட்டார்.

ரவுட்டர்கள் தமிழ் எழுத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. இத்தனை ஆண்டாகியும் திருத்தவில்லை. ஆகவே ஆங்கில எழுத்தில்தான், 8 முதல் 63 எழுத்துக்குள். இங்கேதான் வம்பு. 'பழம்' வந்தால் நீங்கள் pazham என்பீர்கள், அம்மா palam என்று அடிப்பார், பிள்ளை payam என்பான். ழ, ள, ற, ண உள்ள சொல்லை விட்டுவிட்டு அடுத்த சொல்லை எடுங்கள். நெடில் வந்தால் oo-வா u-வா என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லாம் சிறிய எழுத்தில், எழுதி ரவுட்டருக்கு அடியில் ஒட்டுங்கள். தெருவில் இருப்பவரால் அதைப் படிக்க முடியாது. வருகிற விருந்தாளி படிப்பார் என்று தோன்றினால் அலமாரிக்குள் ஒட்டுங்கள்.