காய்ச்சல் வலிப்பு: மருந்தை மணி பார்த்துக் கொடுத்தால் திரும்ப வராதா?

ஒன்றரை வயதுப் பையன், 11 கிலோ. நேற்று காய்ச்சலில் இரண்டு நிமிடம் கைகால் வெட்டி இழுத்தது. நான் மருந்தைத் தாமதமாகக் கொடுத்ததால்தானா?

இல்லை. நிறைய குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியவரும், அதற்கு முன்பே எப்படிக் கொடுத்திருப்பீர்கள்? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வரக்கூடியது இது, வந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் வரும். பின்லாந்தில் 2009-ல் வெளியான ஆய்வில், அடுத்தடுத்த காய்ச்சல்களில் மருந்தைத் தவறாமல் கொடுத்தும் வலிப்பு குறையவில்லை. 2018-ல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வில் மட்டும், வலிப்பு வந்த அதே காய்ச்சலில், முதல் ஒரு நாள் ஆறு மணிக்கொரு முறை ஆசனவாய் வழியே பாராசிட்டமால் வைத்தபோது மறுபடி வருவது குறைந்தது. அது ஒரே ஒரு மருத்துவமனையில் நடந்தது, அதை வைத்து "மருந்து தடுக்கும்" என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தை துவண்டு கிடக்கிறதா, உடம்பு வலியில் அழுகிறதா, கொடுங்கள். நிம்மதியாகத் தூங்கினால் எழுப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, எத்தனை மில்லி?

எடையைத்தான் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., அப்படியானால் 11 கிலோவுக்கு 165 மி.கி. இனிமேல்தான் குழப்பமே. 5 மில்லியில் 250 மி.கி. என்று போட்ட சிரப் என்றால் 3.3 மில்லி, 120 மி.கி. சிரப் என்றால் ஏறக்குறைய 7 மில்லி, ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.6 மில்லிதான். "போன தடவை 3.3 கொடுத்தோமே" என்று பாட்டி அதே அளவு சொட்டு மருந்தைக் கொடுத்தால் இரண்டு மடங்கு உள்ளே போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள், சமையல் ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். ஆறு மணி நேரம் இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சளி சிரப்பிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

காய்ச்சல் இறங்காவிட்டால் நடுவில் மெஃபனமிக் கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். நம் ஊரில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம், அப்போது மெஃபனமிக், இபுபுரோஃபென் இரண்டுமே ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். மெஃபனமிக் அளவு மிஞ்சினால் அதுவே வலிப்பை வரவழைக்கும். பாராசிட்டமால் கொடுத்தும் ஒரு டிகிரிதான் இறங்கியது என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

மறுபடி வந்தால்?

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி, வாயில் ஸ்பூன், தண்ணீர், மருந்து எதுவும் கூடாது, முழுதாக விழித்த பிறகே வாய்வழி மருந்து. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலும், 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை வந்தாலும், ஒரு மணி நேரம் ஆகியும் தெளியாவிட்டாலும் நேராக மருத்துவமனைதான்.