மொத்தத்தில் ஒன்று, பிரித்தால் வேறொன்று

மருத்துவ மாணவி, திருநெல்வேலி: சிறுநீரகக் கல் ஆய்வில் மொத்தக் கணக்கில் பின்தங்கிய சத்திரசிகிச்சை, பிரித்துப் பார்த்ததும் முன்னுக்கு வந்தது எப்படி, ஐயா?

1986 இல் வெளியான அந்தப் பிரித்தானிய ஆய்வில், திறந்த சத்திரசிகிச்சை பெற்ற 350 பேரில் 273 பேர், அதாவது 78 வீதத்தினர், குணமடைந்தனர். தோலில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையில் 350 பேரில் 289 பேர், அதாவது 83 வீதத்தினர், குணமடைந்தனர். ஆனால் இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கற்களில் திறந்த முறை 87 பேரில் 81 பேரையும், துளை முறை 270 பேரில் 234 பேரையும் குணப்படுத்தியது; வீதம் முறையே 93, 87. பெரிய கற்களில் திறந்த முறைக்கு 263 இல் 192, துளை முறைக்கு 80 இல் 55. வீதம் 73, 69.

பெரிய கல் கொண்ட நோயாளர்களுள் பெரும்பாலோர் திறந்த முறைக்கே சென்றதால், அதன் மொத்த வீதம் பெரிய கற்களின் 73 இன் பக்கம் இழுபட்டது. துளை முறையினது சிறிய கற்களின் 87 இன் பக்கம் நின்றது. 700 பேரிலும் இருந்த சிறிய, பெரிய கற்களின் விகிதத்தையே இரு முறைகளுக்கும் பொதுவாக வைத்து மீளக் கணித்தால், திறந்த முறைக்கு 83 வீதமும் துளை முறைக்கு 78 வீதமும் கிடைக்கின்றன. இரு எண்களும் இடம் மாறிவிடுவதை நீங்களே கணித்துப் பார்க்கலாம்.

வங்கி ஊழியர், சுன்னாகம்: மாதிரி சிறியதாக இருப்பதால் வந்த தற்செயல்தானே இது? ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்தால் மறைந்துவிடும்.

மறையாது. எல்லா எண்களையும் நூறால் பெருக்கினாலும் வீதங்கள் அப்படியே இருக்கும். ஆயினும் உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் உண்டு: பெரிய கற்களில் 73 க்கும் 69 க்கும் இடையிலான வித்தியாசம் 80 பேரை மட்டும் கொண்ட ஒரு பிரிவிலிருந்து வருவதால், அது தற்செயலாகவும் இருக்கலாம். மேலும் நோயாளர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்படவில்லை. இரு முறைகளும் வெவ்வேறு ஆண்டுகளில் கையாளப்பட்டவை. ஆகவே கல்லின் அளவைச் சமப்படுத்திய பின்னும் எது சிறந்தது என்பது முடிந்த விடயமன்று.

ஓய்வுபெற்ற தபால் அதிபர், சாவகச்சேரி: எனக்கும் கல் இருக்கிறது. அப்படியானால் வெட்டித்தான் எடுக்க வேண்டுமா?

இவை நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய எண்கள், ஐயா. உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

கணித ஆசிரியை, வடமராட்சி: எமது பாடசாலையில் இரு பிரிவுகளிலும் சித்தி வீதம் கூடியிருக்க, மொத்த வீதம் குறைந்துவிட்டது. கணக்குப் பிழை என்கிறார் அதிபர்.

ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டு ஆண்டுகளிலும் எத்தனை பேர் தோற்றினர் என்பதை முதலில் எழுதுங்கள். நலிந்த பிரிவின் பங்கு இவ்வாண்டு கூடியிருந்தால் பிழை எதுவும் இராது. சித்தி பெறமாட்டார்கள் என அஞ்சி முன்னர் பரீட்சைக்கு அனுப்பாதிருந்த மாணவரை இம்முறை அனுப்பினீர்களா என்பதையும் பாருங்கள்.

மருத்துவ மாணவி: அப்படியானால் எப்போதும் பிரித்துத்தான் பார்க்க வேண்டுமா?

இல்லை. கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே இருந்தது. யாருக்கு எந்த முறை கிடைத்தது என்பதோடும் அது தொடர்புபட்டிருந்தது. ஆகவே அங்கே பிரித்துப் பார்ப்பது சரி. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின் இரத்தப்போக்கு ஏற்பட்டதா என்று பிரித்தால், அது சிகிச்சையின் விளைவு என்பதால், அளக்க வேண்டிய தீங்கையே கணக்கிலிருந்து நீக்கிவிடுவீர்கள்.