மெய்ப்புத் திருத்துநரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

சிறுவர் ஊஞ்சலுக்கான கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழில் நானே எழுதி முடித்துவிட்டேன். மெய்ப்புப் பார்க்க ஒருவரை அமர்த்தினால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவாரா?

பார்க்க மாட்டார், பார்ப்பதாகச் சொன்னால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். நீங்கள் அனுப்பிய வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்: “3 வயதுக்கு மேற்ப்பட்ட குழந்தைகள் பயன்படுத்தினால் எந்தப் பாதிப்பும் வராது என உறுதியளிக்கிறோம்.” ‘ற்’ என்ற ஒற்றை அடுத்து இன்னோர் ஒற்று வராது என்பதால், மெய்ப்புத் திருத்துநர் ‘மேற்பட்ட’ என்று திருத்துவார், அந்த வாக்கியத்தில் அவர் வேலை அவ்வளவுதான். பிரதியைச் செம்மையாக்கும் எடிட்டரோ, 4ஆம் பக்கத்தில் ‘5 வயது’ என்றிருப்பதைக் கவனித்து, எது சரி என்று தாமே முடிவுசெய்யாமல் ஓரத்தில் உங்களுக்குக் கேள்வி எழுதி வைப்பார்.

வழக்கறிஞரின் கண் எழுத்துப் பிழையில் நிற்காது, ‘எந்தப் பாதிப்பும்’, ‘உறுதியளிக்கிறோம்’ ஆகிய சொற்களில்தான் நிற்கும். ஒரு குழந்தைக்கு அடிபட்டால் இந்த வாக்கியத்தையே உங்களுக்கு எதிராகக் காட்டலாம் என்பது அவர் கணக்கு. மொழிபெயர்ப்பாளர் மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர். மூலம் 3 வயது நிரம்பியவர்களையும் சேர்த்துச் சொல்கிறது, ‘மேற்பட்ட’ என்றதும் அவர்கள் உள்ளே வருகிறார்களா என்ற ஐயம் எழுகிறது, ஆகவே ‘3 வயதும் அதற்கு மேலும்’ என்று மாற்றுங்கள் என்பார். மற்ற மூவரும் மூலத்தைப் பார்ப்பதில்லை என்பதால், இந்தத் தவறு அவர்கள் கண்ணில் படாது.

மெய்ப்பு என்றால் எழுத்துப்பிழை பார்ப்பதுதானே? அதற்குக் கணினியின் பிழைதிருத்தியே போதுமே.

பாதி சரி. மறுபாதிப் பிழைகள் பக்க வடிவமைப்பின்போது பிறக்கின்றன: ஒரு படத்தின் விளக்கம் அடுத்த படத்தின் கீழே போய்விடும், ஒரு பத்தியின் கடைசி வரி விழுந்துவிடும், பொருளடக்கத்தில் 12 என்றிருப்பது உள்ளே 14ஆம் பக்கத்தில் இருக்கும். அவற்றில் ஒவ்வொரு சொல்லும் சரியாகவே எழுதப்பட்டிருப்பதால் பிழைதிருத்திக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை.

பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பானால் இன்னொன்றையும் சோதியுங்கள். ‘கௌரவம்’ என்பதன் முதல் எழுத்து, ‘கெ’, ‘ள’ என்று இரண்டாகப் பிரிந்து ‘கெளரவம்’ ஆகியிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கோப்பில் அந்தச் சொல்லைத் தேடினால் சில இடங்கள் மட்டும் அகப்படாமல் போவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

மெய்ப்பு என்பது மெய்யா பொய்யா என்று சரிபார்ப்பது என்றல்லவா நினைத்தேன்? ஊஞ்சல் எத்தனை கிலோ தாங்கும் என்பதை அவர் பார்க்க வேண்டாமா?

சொல் அப்படி நினைக்க வைக்கிறது, ஆனால் அச்சுத் தொழிலில் மெய்ப்பு என்பது அச்சிடுவதற்கு முன் எடுக்கும் சரிபார்ப்புப் பிரதி. எடிட்டர் திருத்தி முடித்த பிரதியில் 40 கிலோ என்றிருந்து, மெய்ப்பில் 400 ஆகியிருந்தால் மெய்ப்புத் திருத்துநர் பிடிப்பார். பிரதியிலேயே 400 என்றிருந்தால் நல்லவர் ஒரு கேள்விக்குறி போடுவார். அதைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டியவர், ஊஞ்சலை உருவாக்கியவர்தான்.

எங்கள் குடும்பத்திலேயே வழக்கறிஞர் இருக்கிறார். வடிவமைப்பு முடிந்த பிறகு எங்கள் கையேட்டை அவரிடம் கொடுத்தோம், இரண்டு பத்தி சேர்த்தார். அச்சில் வந்தபோது பக்க எண்கள் எல்லாம் குழம்பிவிட்டன. யார் தவறு?

வரிசையின் தவறு. மொழிபெயர்ப்பு, செம்மையாக்கம், வழக்கறிஞர் பார்வை ஆகிய மூன்றும் வடிவமைப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், மெய்ப்பு மட்டுமே அதற்குப் பின். வடிவமைத்த பக்கத்தில் இரண்டு பத்தி நுழைந்தால் அடுத்து வரும் பக்கங்கள் எல்லாம் நகரும். தவிர்க்க முடியாமல் நுழைத்தால், புதிய பத்திகளை மட்டுமல்ல, நகர்ந்த பக்கங்கள் முழுவதையும் பொருளடக்கத்தையும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி கேட்பது நியாயமே.

நான் பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். மோசமான வாக்கியத்தைக் கண்டால் நானே மாற்றி எழுதிவிடுவேன். யாரும் குறை சொன்னதில்லை. நீங்கள் போடும் கோடு அவ்வளவு அழுத்தமானதா?

உங்கள் கை தேர்ந்த கையாக இருக்கலாம், சிறு வேலைகளில் அப்படித்தான் நடக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வழக்கறிஞர் எடை பார்த்து வைத்த ஒரு சொல், படிக்கக் கரடுமுரடாக இருக்கிறது என்று கடைசிக் கட்டத்தில் மாறினால், அது அவர் கண்ணுக்குத் திரும்பப் போவதில்லை. என்னைக் கேட்டால் மாற்றாமல் ஓரத்தில் எழுதிக் கேட்பேன். நீங்கள் உடன்பட மாட்டீர்கள் என்று தெரிகிறது. புதிதாக ஆள் அமர்த்துபவர் இரண்டு பக்கத்தை மாதிரிக்குக் கொடுத்து, எதை நேரே திருத்தியிருக்கிறார், எதைக் கேள்வியாக விட்டிருக்கிறார் என்று பார்த்தால், வந்திருப்பவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.