பைக் சர்வீஸ் கடைக்கு நாலே கேள்வியில் ஒரு சர்வே: கேள்வி பதில்

மாசம் 150 வண்டி வரைக்கும் வருது. 15 கேள்வி வச்சு ஃபார்ம் போட்டோம். பாதிப் பேர் நடுவுலயே விட்டுடுறாங்க, முடிச்சவங்களும் எல்லாத்துக்கும் 5க்கு 4 போட்டுடுறாங்க. என்னதான் கேக்கறது?
(சர்வீஸ் கடை, திண்டுக்கல்)

அந்த நாலு முகதாட்சண்யத்துக்குப் போடும் மார்க். "திருப்தியா?" என்று கேட்டால் அதுதான் வரும். என்ன நடந்தது என்று கேளுங்கள். பைக் கடைக்கு நான் வைக்கும் கேள்விகள் இவை:

1. எதைச் சொல்லி வண்டியை விட்டீர்களோ அது சரியாகிவிட்டதா? (முழுசாகச் சரி / கொஞ்சம் இருக்கிறது / அப்படியே இருக்கிறது / கோளாறு இல்லை, சாதா சர்வீஸ்தான்)
2. சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைத்ததா? (கிடைத்தது / தாமதம், முன்பே போன் வந்தது / தாமதம், யாரும் சொல்லவில்லை)
3. பில் முதலில் சொன்ன தொகைக்குள் வந்ததா? (வந்தது / கூடியது, கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள் / கூடியது, கேட்கவில்லை)
4. ஒன்றே ஒன்றை மாற்றச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? (எழுதலாம், வாய்ஸ் மெசேஜும் போடலாம்)

இரண்டாம் கேள்வியில் தாமதத்தை ஏன் இரண்டாகப் பிரித்திருக்கிறேன் என்று பாருங்கள். ஸ்பேர் வராமல் தாமதமானால் ஸ்டோரைப் பார்க்க வேண்டும். போன் போகவில்லை என்றால் கவுன்டரைப் பார்க்க வேண்டும். ஒரு பதில் வந்தால் யார் என்ன செய்வார் என்று சொல்ல முடியாத கேள்வியை எடுத்துவிடுங்கள். "வேலையும் விலையும் நன்றாக இருந்ததா" போன்ற இரட்டைக் கேள்வியும் வேண்டாம். ஒருவர் "இல்லை" என்றால் எதற்கு இல்லை என்று தெரியாது.

பெரிய கம்பெனியெல்லாம் "நண்பருக்குச் சொல்லுவீங்களா, 0–10" அப்படின்னு ஒத்தக் கேள்விதான் கேக்கறாங்க. அது போதுமே? 8 வந்தா நல்ல மார்க்தானே?
(மாணவர், எம்பிஏ)

ஒரே கேள்வி என்பது சரி. 8 விஷயத்தில் தவறு. ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் 2003இல் முன்வைத்த இந்த முறையில் 9, 10 போட்டவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். 7, 8 எந்தப் பக்கமும் சேராது. நூறு கிளை உள்ள நிறுவனம் கிளைகளை ஒப்பிட இது உதவும். ஒற்றைக் கடைக்கு 46 பதில் வருகிறது என்று வையுங்கள். மூன்றே பேர் 9இலிருந்து 6க்கு இறங்கினால் ஸ்கோர் 13 புள்ளி விழும். கடையில் எதுவுமே மாறியிருக்காது. எதைச் சரி செய்வது என்றும் அந்த எண் சொல்லாது.

டெலிவரி கொடுக்கும்போதே கவுன்டர்ல டேப்லெட் நீட்டிடலாமா? இல்ல லிங்க் அனுப்பணுமா?
(கோவை)

கவுன்டரில் வேண்டாம். மெக்கானிக் எதிரே நிற்கும்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தவிர, பிரேக் சத்தம் போனதா, ஸ்டார்ட்டிங் ட்ரபிள் திரும்பியதா என்பது இரண்டு நாள் ஓட்டினால்தான் தெரியும். பத்து நாள் விட்டால் டெலிவரி நேரம் மறந்துபோகும். அதனால் மூன்றாம் நாள் மாலையில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு சரி.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டை நம்ப வேண்டாம். உங்கள் எண்ணை சேவ் செய்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். தனித்தனியாக அனுப்புங்கள். கூகுள் ஃபார்மில் 'Limit to 1 response' வசதியைப் போட்டால் லாகின் கேட்கும், அங்கேயே பலர் விலகிவிடுவார்கள். ஜாப் கார்டு எண்ணுக்கு ஒரு கட்டம் வைத்து, 'Get pre-filled link' மூலம் லிங்க் எடுங்கள். இப்படி இருக்கும்:

```
.../viewform?usp=pp_url&entry.1234567890=JC2417
```

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசியில் உள்ள ஜாப் கார்டு எண்ணை மட்டும் மாற்றினால் போதும். `entry` எண் உங்கள் ஃபார்முக்கு உரியது, அதைத் தொடாதீர்கள்.

நல்லா சொன்னவங்களுக்கு மட்டும் அப்படியே கூகுள் ரிவ்யூ லிங்க்கைத் தள்ளிவிடலாம்ல? அதுக்குத்தானே சர்வே?
(பியூட்டி பார்லர், சேலம்)

அதற்கில்லை. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி ரிவ்யூ கேட்பது கூகுள் விதிக்கு விரோதம். கேட்பதானால் எல்லாரிடமும் கேளுங்கள், தனி மெசேஜில். பார்லருக்கு மேலே உள்ள கேள்விகளும் அப்படியே பொருந்தாது. அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்கு மேல் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பதில் ஆரம்பியுங்கள்.

போன மாசம் 160 வண்டிக்கு அனுப்பி 46 பதில் வந்துச்சு. அதுல 11 பேர் "தாமதம், யாரும் சொல்லல". ஒரு மெக்கானிக்தான் ரொம்ப ஸ்லோ. அவரை மாத்திடலாமா சார்?
(வொர்க்ஷாப் மேனேஜர், திருச்சி)

அவசரப்படாதீர்கள். 46இல் 11 என்றால் 24 சதவீதம். இவ்வளவு குறைந்த பதில்களில் உண்மையான அளவு 14இலும் இருக்கலாம், 38இலும் இருக்கலாம். அதுவும் பதில் போடாத 114 பேர் இவர்களைப் போன்றவர்கள்தான் என்றால்! ஆனாலும் ஏதோ செய்ய வேண்டிய அளவு இருக்கிறது என்று சொல்ல இது போதும். யார் தவறு என்று சொல்லத்தான் போதாது.

அந்த 11 ஜாப் கார்டுகளையும் மேஜையில் பரப்புங்கள். வண்டி வந்த நேரம், சொன்ன நேரம், கொடுத்த நேரம், மெக்கானிக், காத்திருந்த ஸ்பேர் என்று ஐந்து பத்தியுள்ள அட்டவணையாக எழுதுங்கள். நேரத்துக்குக் கிடைத்ததாகச் சொன்னவர்களின் கார்டுகளில் ஒரு 11ஐயும் பக்கத்தில் எழுதுங்கள். இது இல்லாமல் ஒப்பிட முடியாது. அந்த மெக்கானிக் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அவர் காரணமில்லை.

பார்த்துட்டேன். தாமதமான 11ல 8 வண்டி காலைல 11 மணிக்கு மேல வந்தது. எல்லாத்துக்கும் "சாயங்காலம் 6 மணி"ன்னு எழுதியிருக்கு. நேரத்துக்குப் போனதுல அந்த மாதிரி ரெண்டுதான். நான் சொன்ன மெக்கானிக் இங்க 3, அங்க 4.
(அதே மேனேஜர்)

அப்படியானால் கோளாறு கவுன்டரில், வண்டியைப் பார்க்காமலே 6 மணி என்று எழுதும் பழக்கத்தில். இரண்டு மாற்றம் மட்டும் செய்யுங்கள். 11 மணிக்கு மேல் வரும் வண்டிக்கு மெக்கானிக் பிரித்துப் பார்த்த பிறகே நேரம் சொல்வது. தினமும் 4 மணிக்குக் கவுன்டரில் ஒருவர் முடியாத வண்டிகளின் பட்டியலை எடுத்துப் போன் போடுவது. அந்த ஒருவர் யார் என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். இரண்டு மாதம் கேள்வியை ஓர் எழுத்துகூட மாற்றாதீர்கள், மாற்றினால் முன்பின் ஒப்பிட முடியாது. சரியாகப் போனால் முதலில் "முன்பே போன் வந்தது" கூடும். மொத்தத் தாமதம் குறைய நாளாகும்.

முதல் கேள்விக்கு "அப்படியே இருக்கிறது" என்றவர்களுக்கு மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். மறுநாள் காலையிலேயே போன் போட்டு வண்டியை வரச் சொல்லுங்கள்.

எங்க ஏசி சர்வீஸ்ல 4க்குக் கீழ வந்தா டெக்னீஷியன் இன்சென்டிவ் கட். ரேட்டிங் எகிறிடுச்சு!
(சென்னை)

எகிறியது ரேட்டிங் மட்டும்தானா என்று பாருங்கள். "அஞ்சு போடுங்க சார், இல்லாட்டி சம்பளம் போயிரும்" என்று வீட்டு வாசலிலேயே கேட்டிருப்பார்கள். 30 நாளுக்குள் அதே வீட்டிலிருந்து திரும்ப வந்த சர்வீஸ் அழைப்புகளை எண்ணுங்கள். அது குறையவில்லை என்றால் ரேட்டிங் பொய்.

ஜாப் கார்டு நம்பர் போட்டா ஜனங்க மனசுவிட்டு எழுதுவாங்களா? பேரில்லாமத்தான் கேக்கணும்.
(மதுரை)

நியாயமான சந்தேகம். எண் இருந்தால் சிலர் அடக்கித்தான் எழுதுவார்கள். எண் இல்லாவிட்டால் திருச்சிக்காரர் அந்த 11 கார்டுகளை எடுத்திருக்கவே முடியாது. நான் எண்ணோடு கேட்கும் பக்கம். நீங்கள் ஒரு மாதம் எண் இல்லாமலும் ஒரு மாதம் எண்ணோடும் அனுப்பி, பில் கேள்விக்கு வரும் பதில் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

அதுவும் சின்ன எண்ணிக்கைதானே சார், வித்தியாசம் எப்படித் தெரியும்?
(மதுரை)

பெரிய வித்தியாசம் என்றால்தான் தெரியும். சின்னது என்றால் தெரியாது.