இரு வீட்டுக்கும் பொருந்தும் ஒரு வரி: திருமண அழைப்பிதழ் வாசகம் பற்றிய கேள்வி பதில்

ரங்கூனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் அழைப்பிதழ்களுக்கு வாசகம் எழுதியும் அச்சுப்படி பார்த்தும் வருகிறேன். முன்பு ஒரே மதத்துக்குள் நடக்கும் கல்யாணங்கள்தான் அதிகம் வரும். இப்போது வருகிற தாய் தகப்பன் பலர், "அவங்க வீட்டாருக்கும் மனசு நோகக்கூடாது, நம்ம பெரியவங்களும் ஏதும் சொல்லக்கூடாது, மேலே என்ன போடலாம்?" என்று கேட்டபடியே உட்காருகிறார்கள். அந்த மேல்வரியைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

மாப்பிள்ளையின் அம்மா, ரங்கூன்: பெண் வீட்டார் பர்மிய பௌத்தர்கள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். "முருகன் துணை" வேண்டாம், பொதுவாக "இறைவன் அருளால்" போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். சரிதானே?

அம்மா, பெண் வீடு கிறிஸ்தவர்களாகவோ முஸ்லிம்களாகவோ இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பௌத்தர்களுக்கு அது பொருந்தாது. உலகைப் படைத்து அருள் செய்கிற ஒருவன் என்ற எண்ணம் அவர்கள் மரபில் இல்லை. தமிழில் அச்சிடும்போது அவர்களுக்குத் தெரியப்போவதில்லைதான். ஆனால் அழைப்பிதழின் மறுபக்கம் பர்மிய மொழியில் வருமே, அங்கே அந்த வரி அந்நியமாக நிற்கும். உங்களுக்குப் பொதுவாகப் படுகிற சொல் அவர்களுக்குப் பொதுவாகப் படவில்லை என்பதுதான் சிக்கல்.

இதே நிலையில் வந்த ஒரு குடும்பத்துக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். பர்மியர் கல்யாணத்தை என்ன சொல்கிறார்கள்? மிங்கலாசவுங். பார்த்ததும் சொல்வது மிங்கலாபா. அந்த மிங்கலாவும் நம் மங்கலமும் ஒரே வேரில் பிறந்தவை. அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மங்கல சூத்திரத்தில் 38 மங்கலங்கள் வரும். தாய் தகப்பனைப் பேணுவதும் மனைவி மக்களைக் காப்பதும் அவற்றில் உண்டு. நம் குறளில் 60ஆவது "மங்கலம் என்ப மனைமாட்சி" என்று தொடங்குகிறது. இரண்டு மரபும் ஒரே சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வீட்டைப் பற்றிப் பேசுகின்றன. அதனால் தமிழ்ப் பக்கத்தில் அந்த மூன்று சொற்களை மட்டும் போட்டோம். பர்மியப் பக்கத்தில் "மிங்கலா என்பது இல்லறத்தின் நன்மை" என்ற பொருளில் ஒரு வரி. சூத்திரத்திலிருந்து பாலி வரியை எடுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் அட்டை அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கும்.

குறள் முழுவதையும் ஏன் போடவில்லை என்றால், முதலடி "மற்றுஅதன்" என்று தொங்கி நிற்கும். இரண்டாமடி "நன்கலம் நன்மக்கட் பேறு". அந்த மணமக்கள் இருவருக்கும் நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. பிள்ளைப் பேற்றைத் தலைப்பில் ஏற்றி அவர்களை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை. "மனைமாட்சி" என்ற இடத்தில் வாக்கியம் முடிந்துவிடுகிறது, அதனால் வெட்டியது தெரியாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மௌல்மேன்: ஐயா, பரிமேலழகர் உரையைப் பார்த்தீர்களா? அங்கே மனைமாட்சி என்பது மனையாளின் நற்குணமும் நற்செயலும். வீட்டின் நன்மை இல்லை. நீங்கள் போட்ட வரி பாரத்தை மருமகள் தலையில் மட்டும் வைக்கிறது.

நீங்கள் சொல்வது உண்மை. அந்தக் குறள் இருப்பதும் வாழ்க்கைத் துணைநலம் என்ற அதிகாரத்தில்தான். பர்மியப் பக்கத்தில் "இல்லறத்தின் நன்மை" என்று எழுதியபோது உரையிலிருந்து நான் விலகியது எனக்குத் தெரியும். மனை என்ற சொல் இன்று காதில் விழும் பொருளை எடுத்துக்கொண்டேன். உரை அறிந்தவர் வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லி, பெண்ணிடமும் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். பெண் வேண்டாம் என்றால் 45ஆவது குறள் இருக்கிறது:

அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை
பண்பும் பயனும் அது.

இதில் பாரம் ஒருவர் மேல் மட்டும் விழாது. தெய்வத்தின் பெயரும் கிடையாது. ஆனால் மிங்கலா தந்த அந்த நெருக்கம் இதில் கிடைக்காது. எது பெரிது என்பதை அந்தந்த வீடுதான் சொல்லவேண்டும், ஐயா.

கடைக்காரர், பெகு: இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? குறள் உலகப் பொதுமறை. கண்ணை மூடிக்கொண்டு எந்தக் குறளை எடுத்தாலும் எல்லாருக்கும் பொருந்தும்.

பெரும்பாலும் பொருந்தும், அண்ணே. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டே எடுங்கள். கல்யாணத்துக்கு என்று எல்லாரும் தேடிப்போகிற பக்கத்திலேயே, 55ஆவது "தெய்வம் தொழாஅள் கொழுநற் றொழுதெழுவாள்" என்று வருகிறது. கணவனைத் தொழுதெழுகிற மனைவியைப் பற்றியது. அல்லாஹ்வைத் தவிர யாரையும் தொழக்கூடாது என்று வாழ்கிற வீட்டில் இதைக் கொடுக்க முடியுமா? வேறு வீட்டுப் பெண்ணுக்கும் இன்று அது இனிக்காது. 50ஆவது "வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன்" என்று அழகாகத் தொடங்கி, "வானுறையும் தெய்வத்துள் வைக்கப்படும்" என்று முடிகிறது. முதலடியை மட்டும் போட்டால் வாக்கியம் பாதியில் நிற்கும்.

80ஆவதில் "அன்பின் வழியது உயிர்நிலை" என்ற பகுதி மட்டும் அட்டைக்கு ஏற்றது. மீதி "என்புதோல் போர்த்த உடம்பு". எலும்பும் தோலும் மங்கல அட்டையில் வேண்டாம்.

மாப்பிள்ளையே கேட்கிறேன், ரங்கூன்: எங்களுடையது காதல் கல்யாணம். அவள் கத்தோலிக்கப் பெண். "யாயும் ஞாயும் யாராகியரோ" பாட்டு முழுவதையும் போட ஆசை. அதில் எந்த மதமும் இல்லையே. அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

தம்பி, குறுந்தொகை 40. மதம் இல்லை என்பது சரி. அப்பாவுக்குச் சொல்லத் தெரியாத ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் சொல்கிறேன். உங்கள் அழைப்பிதழ் யார் குரலில் பேசுகிறது? "எங்கள் மகனுக்கும்..." என்று தொடங்குகிறது. அழைப்பவர்கள் பெற்றோர். அவர்கள் பெயருக்கு மேலே "என் தாயும் உன் தாயும் யார் யாருக்கு என்ன? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு?" என்று கேட்டால், வாசலில் நின்று விருந்தாளியை வரவேற்கிற இருவரைப் பார்த்து "நீங்கள் யாரோ" என்று சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. தலைவன் தனிமையில் தலைவியிடம் சொன்ன பேச்சு அது. அவன் பிரிந்துபோவானோ என்று அவள் அஞ்சும்போது சொன்னது. ஊருக்குச் சொன்னதல்ல.

கடைசி இரண்டு அடியை மட்டும் எடுங்கள்:

செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

மழைக்காலத்தில் செம்மண் பாதையில் தண்ணீர் ஓடி நிறம் மாறுவதை இந்த நாட்டில் பார்க்காதவர் யார்? இதை மணமக்கள் சொன்னாலும் பொருந்தும், பெற்றோர் சொன்னாலும் பொருந்தும். கோயில் சடங்கும் தேவாலயத் திருப்பலியும் தனித்தனியாக இருந்தால், உள்ளே நேரத்தையும் இடத்தையும் அததன் பெயரிலேயே எழுதுங்கள். மேல்வரி பொதுவாக இருந்தால் போதும். உள்ளே நடப்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிற இடத்தில் மட்டும் "சுபமுகூர்த்தம்", "பரிசுத்த விவாகம்" இரண்டையும் விட்டு "திருமணம்" என்று எழுதுங்கள்.

பெண்ணின் சித்தப்பா, தட்டோன்: நல்ல நாள் பார்த்துத் தருவீர்களா? ஆடி போனதும் வைக்கலாம் என்கிறோம், அவர்கள் கூடாது என்கிறார்கள்.

நாள் குறிப்பது என் வேலை இல்லை, ஐயா. ஆனால் அவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாசோ பௌர்ணமியிலிருந்து தடிஞ்ஜுட் பௌர்ணமி வரை மூன்று மாதம் பௌத்தர்களுக்கு நோன்புக் காலம். அதில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். நம் ஆடி அதற்குள்ளேயே முடிந்துவிடும், அவர்கள் நோன்பு முடியாது. அட்டையில் திதி, நட்சத்திரம் எழுதாமல் ஆங்கிலத் தேதி, கிழமை, மணி மூன்றையும் மட்டும் எழுதினால் இரு பக்கத்தாருக்கும் விளங்கும்.

அக்கா ஒருவர், மண்டலே: "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" போடலாமா? சாமி பெயர் இல்லையே.

போடலாம். மொழிபெயர்க்கும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள், அக்கா. நான் அச்சுப்படி பார்க்கத் தவறிய ஓர் அட்டையில், பதினாறு பேறுகள் பர்மியப் பக்கத்தில் பதினாறு பிள்ளைகளாக மாறிவிட்டன. 300 அட்டை போன பிறகுதான் சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். அன்று நான் பட்ட கூச்சம் இன்னும் போகவில்லை. அதிலிருந்து, தமிழ் தெரியாத ஒரு பர்மியரிடம் அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லி, "என்ன புரிகிறது?" என்று கேட்டுவிட்டே அச்சுக்கு அனுப்புகிறேன்.

இதே பரீட்சைதான் 45ஆவது குறளிலும் என்னைக் காப்பாற்றியது. "அறன்" என்பதை ஒருவர் "தயா" என்று பெயர்த்தார். படித்த பர்மியருக்கு உடனே புத்தரின் தர்மம்தான் நினைவுக்கு வந்தது. அதை மாற்றி "நேர்மை" என்ற பொருளில் சொல் போட்டோம். "அன்பு"க்கு "மியித்தா" நன்றாக நின்றது. பௌத்தர் சொல்லாயிற்றே என்று முதலில் தயங்கினேன். பர்மிய விவிலியமும் கடவுளின் அன்பை அந்தச் சொல்லால்தான் சொல்கிறது, தாயின் பாசத்துக்கும் அதுவே பேச்சு வழக்கு.

அச்சுக்குக் கொடுக்கப் போகிற தம்பி, ரங்கூன்: வரி முடிவாகிவிட்டது, 45ஆவது குறள். அச்சுப்படியில் எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் "அறனும்". தட்டச்சு செய்கிற பிள்ளை அதைப் பிழை என்று நினைத்து "அறமும்" என்று திருத்திவிடும். "உடைத்தாயின்" சில சமயம் "உடையதாயின்" ஆகிவிடும். அடுத்து எழுத்துரு. தமிழைச் சரியாகக் கையாளாத வடிவமைப்பு மென்பொருளில் ஒற்றைக் கொம்பும் இணைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் குறளில் "வாழ்க்கை" என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள், அங்கே தெரிந்துவிடும். பர்மியப் பக்கம் பழைய ஜாவ்ஜி எழுத்துருவில் தட்டியதா யூனிகோடா என்றும் கேளுங்கள். ஒன்றில் தட்டியதை மற்றொன்றில் திறந்தால் எழுத்து குலைந்துவிடும். கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். தாளில் ஒரு பிரதி எடுத்துக் கையில் வாங்குங்கள்.

பாட்டி ஒருவர், பேத்தி எழுதித் தருகிறாள்: பிள்ளையார் சுழி கூட இல்லாமல் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையா? என் கை அதைத் தொடாது.

பாட்டி, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. அச்சில் இல்லாததை உங்கள் கையால் போடலாம். பத்திரிகை வந்ததும் முதல் பிரதியைச் சாமி முன் வையுங்கள். நம் சொந்தத்துக்குப் போகிற கட்டைத் தனியே எடுத்து, மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தொட்டு, உறையின் மேல் நீங்களே "உ" எழுதுங்கள். சம்பந்தி வீட்டாருக்குப் போகிற கட்டு அப்படியே போகட்டும். மஞ்சள் ஈரமாக இருக்கும்போது அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், நிழலில் காயவிடுங்கள். பெயர் எழுதுவதற்கு முன்பே இரண்டு கட்டையும் பிரித்துவைத்துவிட்டால் தப்பு நேராது.