ரிப்பன் முறுக்காமல் ரோஜாவும் இலையும் போடுவது எப்படி?

கேள்வி: ரிப்பன் எம்பிராய்டரியில் ரோஜா, இலை போடும்போது ரிப்பன் முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. இழுத்தால் ஒல்லியாகிவிடுகிறது. தட்டையாகவும் புசுபுசுவென்றும் வர என்ன செய்யலாம்?

பதில்:

ரோஜாவுக்கும் இலைக்கும் ஒரே வழி கிடையாது. இலையில் முறுக்கு கொஞ்சம்கூட இருக்கக் கூடாது, ரோஜாவின் நடுவிலோ முறுக்கு வேண்டும். எல்லா இடத்திலும் முறுக்கை ஒழிக்கப் பார்த்தால் ரோஜா சப்பையாகத்தான் வரும். அதனால் முதலில் இலையைச் சொல்கிறேன், அது கைவந்தால் ரோஜா தானாக வரும்.

நீங்கள் ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் 6 மிமீ பாலியெஸ்டர் சாட்டின் ரிப்பனை வைத்துப் போடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சில்க் ரிப்பன் மெல்லியது, சொன்னபடி மடங்கும். சாட்டின் கொஞ்சம் விறைப்பு, அதோடு பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் பளபளப்பு, அதனால் பாதி முறுக்கு விழுந்தால்கூட மங்கலான பின்பக்கம் மேலே வந்து காட்டிக்கொடுத்துவிடும். அட்டையில் சுற்றி வைத்திருந்த மடிப்புத் தடம் இருந்தால் குறைந்த சூட்டில் ஒரு தேய்ப்பு கொடுத்துவிட்டு எடுங்கள். ஒரு தடவைக்கு 35 செமீக்கு மேல் வெட்டாதீர்கள் (ரோஜாவுக்கு மட்டும் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளலாம்). நீளம் கூடக்கூட துணிக்குள் போய் வந்து ஓரம் பிசிறும், முறுக்கும் சேரும்.

அடுத்தது ஊசி. பாதிப் பேருக்கு இங்கேதான் கோளாறு. சாதாரணத் தையல் ஊசி போடும் ஓட்டை 6 மிமீ ரிப்பனுக்குப் போதாது, ரிப்பன் அந்த ஓட்டையில் கசங்கி, சுருண்டு வெளியே வரும், அப்புறம் நீங்கள் என்ன நீவினாலும் அடியில் விரியாது. செனில் ஊசி என்று கேளுங்கள், கூர் முனையும் நீளமான காதும் இருக்கும். இந்த அகலத்துக்கு 18ஆம் நம்பர் சரியாக இருக்கும், 3, 4 மிமீ ரிப்பன் என்றால் 22. நம்பர் குறையக் குறைய ஊசி தடிக்கும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். பட்டு ப்ளவுஸ் மாதிரி நெருக்கமான நெசவில் அந்த ஊசிகூடத் திணறினால், ஊசியைப் பாதி குத்தி ஒரு சுழற்றுச் சுழற்றி ஓட்டையை அகலப்படுத்திக்கொண்டு இழுங்கள்.

இனி இலை. ஒன்றரை செமீ நீளத்தில் ஒன்று போடுவதாக வைத்துக்கொள்வோம். காம்புப் பக்கம் ரிப்பனை மேலே எடுத்து, பளபளப்பு மேல்பக்கம் இருக்கும்படி துணிமேல் படுக்க வையுங்கள். இன்னொரு தடித்த ஊசியை ரிப்பனுக்கு அடியில், சரியாகக் காம்பு ஓட்டையின் ஓரத்தில் நுழைத்து, அங்கிருந்து நுனி நோக்கி இரண்டு மூன்று முறை நீவுங்கள். ரிப்பன் முழு அகலத்துக்கு விரிய வேண்டும், விரியாவிட்டால் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். இப்போது நுனிக்கு அப்பால் இடது கட்டைவிரலால் ரிப்பனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை செமீ தள்ளி, அகலத்தின் சரிபாதியில், ரிப்பனையும் துணியையும் சேர்த்துக் குத்தி ஊசியைக் கீழே இறக்குங்கள்.

குத்திய பிறகு அந்த இரண்டாவது ஊசியை இலைக்கு அடியில் குறுக்காக வைத்துவிட்டு, கீழிருந்து மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். கட்டைவிரலை எடுத்துவிடாதீர்கள், முறுக்கு உள்ளே நுழைவது கடைசி நாலைந்து செமீ ரிப்பன் போகும்போதுதான், அதுவரை விரலுக்கு அடியில் தட்டையாக ஓடட்டும். முடிவில் ரிப்பன் தன்மேலேயே மடிந்து உள்ளே போகும்போது நுனியின் இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருளும். அந்தச் சுருள் தெரிந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் அரை செமீ இழுத்தால் சுருள் ஓட்டைக்குள் போய்விடும், நீங்கள் சொன்ன அந்த ஒல்லிக் கோடுதான் மிஞ்சும். பிறகு அடியில் வைத்த ஊசியை உருவுங்கள். அது விட்டுப்போன இடம்தான் இலையின் புடைப்பு.

சரியாக வந்த இலை அடுத்த இலை போடும்போது சப்பையாகிறதா? அப்படியானால் பின்பக்கத்தைப் பாருங்கள். அடுத்த இடத்துக்கு ரிப்பனைக் கொண்டுபோய் இழுக்கும்போது அந்த இழுப்பு முந்தைய இலையையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு இலை முடிந்ததும் அதே நிறத் தையல் நூலால் பின்னால் ரிப்பனை இரண்டு தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள், அதில் முன்பக்கம் ஊசி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்க வாலுக்கும் இதுதான். ரிப்பனில் முடிச்சுப் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, பின்னால் கட்டி கட்டியாக நின்று முன்பக்கத்தைத் தூக்கும்.

ரோஜாவுக்கு வருவோம். நான் சொல்வது ஆரக்கால் போட்டுப் பின்னும் ரோஜா, ஸ்பைடர் வெப் என்பார்களே, அது. இரண்டரை செமீ விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்து, ரிப்பன் நிறத்திலேயே உறுதியான நூலால் நடுவிலிருந்து ஐந்து ஆரக்கால் இழுங்கள். ஒற்றைப்படையாக இருந்தால்தான் ஒரு சுற்றில் மேலே போன இடத்தில் அடுத்த சுற்றில் கீழே போகும். ஃப்ரேமில் துணி விறைப்பாக இருக்க வேண்டும், தளர்ந்த துணியில் போட்ட ஆரக்கால்கள் ஃப்ரேமை எடுத்ததும் துணியைச் சுருக்கும்.

நடுவில் ரிப்பனை மேலே எடுத்து, முதல் இரண்டு சுற்றுக்கு ஊசியை வேண்டுமென்றே இரண்டு மூன்று முறை முறுக்கிவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று இறுக்கமாகப் பின்னுங்கள். நடு மொட்டு இறுகி நிற்பதற்கு இந்த முறுக்குதான் காரணம். மூன்றாவது சுற்றிலிருந்து நேர் எதிர். ஃப்ரேமைக் கவிழ்த்து ஊசியைத் தொங்கவிட்டால் சேர்ந்த முறுக்கு தானாகக் கழன்றுவிடும், அதன் பின் ஊசியின் கூர் முனைக்குப் பதிலாகக் காது முனையை முன்னால் விட்டுப் பின்னுங்கள், ரிப்பனிலோ ஆரக்காலிலோ குத்தாது. ஆரக்காலின் மேலே போகும்போதெல்லாம் ரிப்பனுக்கு அடியில் தடித்த ஊசியைக் கொடுத்துக் கொஞ்சம் தூக்கலாக விடுங்கள். அங்கங்கே அரை மடிப்பு விழுந்தால் நிஜ இதழ் மடிந்த மாதிரிதான் இருக்கும், விட்டுவிடலாம். முழுச் சுற்று முறுக்கு விழுந்து ரிப்பன் உருண்டால் மட்டும் அப்போதே பின்வாங்கிச் சரிசெய்யுங்கள், இரண்டு சுற்று தாண்டிவிட்டால் பிரிப்பதில் ஓரம் பிசிறிவிடும்.

கை தன்னையறியாமல் ஒவ்வொரு பிடிக்கும் ஊசியை ஒரே பக்கமாக உருட்டும், முறுக்கு சேர்வதற்கு அதுதான் மூலகாரணம். அதனால் சுற்றிச் சுற்றி மணிக்கட்டைத் திருப்பாமல் ஃப்ரேமைத் திருப்புங்கள். ஆரக்கால் வெளியே தெரியாத அளவுக்குச் சுற்று நிறைந்ததும் கடைசி இதழுக்கு அடியில் ஊசியை இறக்கிப் பின்னால் தைத்துவிடுங்கள், நிறைந்த பிறகும் இன்னொரு சுற்று திணித்தால் வெளி இதழ்கள் நிமிர்ந்து நின்றுவிடும்.

பின்னால் விட்ட வாலைச் சாய்வாக வெட்டி, பாலியெஸ்டர் என்றால் ஓரத்தை ஊதுபத்தி நெருப்புக்கு அருகில் லேசாகக் காட்டுங்கள், உருகி அடைத்துக்கொள்ளும். சில்க் ரிப்பன் உருகாது, கருகும், அதற்கு நூல் தையல்தான். முடித்த வேலையின் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. ப்ளவுஸைத் தேய்க்க வேண்டுமென்றால் தடித்த டவலின் மேல் பூ கீழே பார்க்கும்படி கவிழ்த்து, பூவைச் சுற்றியுள்ள துணியைப் பின்பக்கமிருந்து மட்டும் தேயுங்கள்.